மின்மினியின் கேள்வியும் பதிலும்

கிழக்கு அமெரிக்காவின் புல்வெளிகளில் கோடைக்கால அந்தி சாயும்போது ஃபோட்டினஸ் பைராலிஸ் என்னும் மின்மினியின் ஆண் தாழப் பறக்கத் தொடங்கும். சுமார் 6 விநாடிக்கு ஒருமுறை, சற்றுத் தாழ்ந்து மேலெழும்பும்போது அரை விநாடி ஒளிர்கிறது. அந்த மஞ்சள் ஒளி தூண்டில் முள்ளைப்போல வளைந்து தெரியும்.

பெண் புல்நுனியில் காத்திருக்கிறது. தன் இனத்து ஆணின் ஒளியைக் கண்டால், ஏறத்தாழ 2 விநாடி கழித்து ஒருமுறை மின்னும். ஆண் அடையாளம் காண்பது இந்த இடைவெளியைத்தான். பதில் முந்தினாலோ பிந்தினாலோ அது வேற்றினம். குளிர்ந்த இரவில் இரு தரப்பின் தாளமும் மெதுவாகிவிடும்.

ஒளி பிறப்பது வயிற்றின் கடைசிக் கண்டங்களில். அங்குள்ள லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளுடன் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை லூசிஃபெரேஸ் நொதி முதலில் இணைக்கிறது. அடுத்து ஆக்சிஜன் சேர்ந்ததும் ஆற்றல் மிகுந்த ஆக்ஸிலூசிஃபெரின் உருவாகிறது. அது இயல்பு நிலைக்கு இறங்கும்போது மிகுதி ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. மூளையிலிருந்து நரம்பு வழியே வரும் கட்டளைதான் ஒளிரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சங்கேதத்தைத் திருடவும் முடியும். ஃபோட்டூரிஸ் என்னும் வேறொரு மின்மினியின் பெண், ஃபோட்டினஸ் பெண்ணைப்போலவே பதில் மின்னி, நம்பி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். 1965-இல் ஜேம்ஸ் லாய்டு இதை விவரித்தார். இரையின் உடலிலுள்ள லூசிபுஃபாஜின் என்ற நச்சும் அதற்குக் கிடைக்கிறது. அந்த நச்சு சேர்ந்தபின் சிலந்திகள் ஃபோட்டூரிஸை ஒதுக்கிவிடுகின்றன.