எறும்பு மேய்க்கும் மந்தை

என்னிடம் பயிலும் மாணவனொருவன் தன் வீட்டுப் பயற்றங்கொடியைக் கைப்பேசியிற் படம்பிடித்து வந்து, "ஐயா, எறும்பு குருத்தைத் தின்னுகிறதோ?" என்று வினவினான். தின்னவில்லை, மேய்க்கிறது. குருத்திற் கருமையாய் மொய்த்திருந்தவை அழுக்கணவன் பூச்சிகள். இவை உறிஞ்சும் சாற்றிற் சர்க்கரை மிகுதி, நைதரசன் சொற்பம். ஆகவே பெருமளவு உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைக் கழிவாக விடுகின்றன. அதற்குத் தேன் என்று பெயரிட்டவர் நாகரிகமறிந்தவர்! அத்தேனுக்காகவே எறும்பு, அழுக்கணவனைத் தின்னவரும் பொறிவண்டைத் துரத்துகிறது.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். இலையிற் பிசுபிசுப்பின் பளபளப்பு உண்டு. நாட்பட்டால் அதன்மேற் படரும் கரும்பூஞ்சணம் இல்லை. எனவே தாக்கம் அண்மையதாகலாம். பூச்சிகள் உரித்த வெண்தோல்கள் சிதறிக்கிடந்தன, பெருக்கம் நடைபெறுகிறது. நெருக்கடி மிகும்போது தோன்றும் சிறகுடைய பூச்சிகள் காணப்படவில்லை. ஆனால், பொறிவண்டின் புழுவோ, குளவி முட்டையிட்டதால் ஊதி நிறம்மாறிய அழுக்கணவனோ ஒன்றேனும் இல்லை. இதுவே எனக்குக் கவலை தந்தது.

ஆயினும் ஒரு குருத்தின் படம் தோட்டத்தின் கணக்காகாது. வேலியோரத்திலும் நடுவிலுமாக 20 கொடிகளின் நுனிகளைப் பார்த்துவரச் சொன்னேன். மூன்றில் மாத்திரமே பூச்சி இருந்தது. அந்நுனிகளைக் கிள்ளிச் சவர்க்கார நீரில் அமிழ்த்தச் செய்தேன். இனிப்பு நின்றால் எறும்பு தானே இறங்கும். நஞ்சு தெளிப்பதைத் தடுத்தேன். இனி வரவேண்டிய பொறிவண்டையும் அது கொன்றுவிடும்.