எக்ஸ்ரே அறையில் நோயாளிதான் விளக்கு

மருங்காபுரி வட்டத்தில், துவரங்குறிச்சி கடைத்தெரு போன்ற ஓர் இடத்தில் சிறிய கிளினிக் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகைக் கட்டடம். பதினாறுக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஓர் எக்ஸ்ரே மெஷின், படமெடுக்க ஒரு டெக்னீஷியன், கதவுக்கு வெளியே காத்திருப்போருக்கு ஒரு பெஞ்ச்.

மெஷினிலிருந்து வரும் நேர்க்கதிர் நோயாளியின் மேல் குறிவைத்து விழுகிறது. அந்தப் பாதைக்குள் டெக்னீஷியன் வருவதில்லை. ஆனால் நோயாளியின் உடலில் பட்ட கதிரில் ஒரு பங்கு நாலாபக்கமும் சிதறுகிறது. ஊழியர் மேல் விழுவது பெரும்பாலும் இந்தச் சிதறல் கதிர்தான். படம் எடுக்கும் அந்த நொடியில் நோயாளியையே எரியும் விளக்காக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. பொத்தானை விட்டதும் விளக்கு அணைந்துவிடும், அறையில் எதுவும் மிச்சமிருக்காது.

முதலில் தூரம். நோயாளியின் தோலில் விழும் அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் படும். நம் கிளினிக்கில் நாளைக்கு 20 படம், வருஷத்துக்கு 300 நாள் வேலை, ஒரு படத்துக்கு ஒரு மீட்டரில் 2 மைக்ரோசீவெர்ட் என்று கணக்கு வைப்போம். எப்போதும் ஒரு மீட்டரிலேயே நிற்பவருக்கு ஆண்டுக்கு 12 மில்லிசீவெர்ட் சேரும். தூரம் இரட்டித்தால் அளவு நாலில் ஒன்றாகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். ஆக, 2 மீட்டரில் நிற்பவருக்கு 3, 3 மீட்டரில் நிற்பவருக்கு 1.3 மில்லிசீவெர்ட்தான். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு அது 1 மட்டுமே. குழந்தை அசைகிறதே என்று டெக்னீஷியனே தினமும் போய்ப் பிடித்துக்கொண்டால் தூரத்தின் லாபம் முழுக்கப் போய்விடும். பிடிக்க வேண்டியிருந்தால், கர்ப்பிணியாக இல்லாத உறவினர் ஒருவர் லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும்.

அடுத்தது அறை அமைப்பு. நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டை எந்தச் சுவரில் வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. நேர்க்கதிர் அந்தச் சுவரை நோக்கித்தான் போகிறது. பெஞ்ச் இருக்கும் பக்கமோ கதவுப் பக்கமோ கன்ட்ரோல் இருக்கும் பக்கமோ அது வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத வெளிச்சுவரே நல்லது. ஜன்னலில் ஒரு நுணுக்கம் உண்டு. மறைப்பில்லாத திறப்பு 2 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த உயரத்தை அறைக்கு வெளியே ஆள் நிற்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும். வெளித்தரை மேடாக இருந்தால், உள்ளே உயரமாகத் தெரியும் ஜன்னல் வெளியே நிற்பவரின் முகத்துக்கு நேராக வந்துவிடும்.

மறைப்பைப் பொறுத்தவரை, ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் சிதறல் கதிருக்கு நல்ல தடுப்பு. இடையில் எழுப்பிய நாலரை இஞ்ச் சுவரையும் வெறும் பிளைவுட் கதவையும் அப்படி நம்ப முடியாது. கதவுக்கு ஈயத்தகடு பதிக்க வேண்டும். சட்டத்தோடு சேரும் இடத்தில் இடைவெளி விடக் கூடாது. டெக்னீஷியன் நிற்க, 1.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான, ஈயக்கண்ணாடி வைத்த தடுப்புத் திரை வேண்டும். 0.25 மில்லிமீட்டர் ஏப்ரன் சிதறல் கதிரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கைத் தடுக்கும். அதைச் சட்டை போல மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. ஏப்ரனையே படமெடுத்துப் பார்த்தால் விரிசல் கோடாகத் தெரியும்.

கடைசியாக டிஎல்டி பேட்ஜ். அது கதிரைத் தடுக்காது. வாங்கிய அளவைச் சேர்த்து வைத்து, மூன்று மாதம் கழித்துச் சொல்லும். நெஞ்சுப் பகுதியில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். கன்ட்ரோல் பேட்ஜ் என்று கூட வரும் ஒன்றை யாரும் அணியாமல், கதிர் படாத இடத்தில் தனியாக வைக்க வேண்டும். மற்ற பேட்ஜ்களின் கணக்கு அதை வைத்துத்தான் கழிக்கப்படுகிறது.

நம் டெக்னீஷியனின் அறிக்கையில் ஒரு காலாண்டுக்கு 3 மில்லிசீவெர்ட் வந்திருக்கிறது என்று வைப்போம். எப்போதும் திரைக்குப் பின்னால் நிற்பவர் அவர். ஏறக்குறைய ஒன்றுமில்லாமல்தான் வந்திருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டரில் ஆண்டுக்கு 12 என்றால் காலாண்டுக்கு 3. நோயாளிக்கு ஒரு மீட்டர் தள்ளி, மூன்று மாதமும் விடாமல் நின்றது யார்? மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் ஏப்ரன்தான். பேட்ஜை அதன் வெளிப்பக்கம் குத்தியபடியே விட்டிருக்கிறார்கள். ஆணியை அறைக்கு வெளியே மாற்றி, பேட்ஜை வேலை நேரத்தில் அணிந்து மற்ற நேரத்தில் அறைக்கு வெளியே வைக்கத் தொடங்கிய பிறகு வரும் காலாண்டு எண்தான் அவர் உண்மையில் வாங்கியது.