தக்கை முங்கினால்...

கீரப்பாளையம் ஒன்றியத்தில் முதல் வகுப்பு எடுக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டிப் பேசும் நேரம் எங்கள் வகுப்பில் தினமும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து பேர். பொருள் உள்ளங்கையில் அடங்க வேண்டும், கடையில் புதிதாக வாங்கியதாக இருக்கக் கூடாது. இரண்டாவது விதியை, பொம்மை இல்லாத பிள்ளைகள் விடுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் சேர்த்தேன்.

முதலில் நான் வைத்திருந்த மதிப்பீட்டில் மூன்று கேள்விகள்: சத்தமாகப் பேசினாரா, நிமிர்ந்து பார்த்தாரா, தயங்காமல் சொன்னாரா? சட்டகங்களும் எழுத்து வழக்கில் இருந்தன: "இது என்னுடைய ___." "எனக்கு இது மிகவும் பிடிக்கும்." பிள்ளைகள் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்கள். பத்துப் பேர் பத்துப் பொருளைக் காட்டி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மதிப்பெண் மட்டும் நன்றாக இருந்தது!

ஒருநாள் ஒரு பையன் தூண்டில் தக்கையைக் கொண்டுவந்தான். "தக்க" என்றான், தலை குனிந்து நின்றுவிட்டான். மூன்றிலும் பூஜ்யம். பேசவராது என்று குறிப்பேட்டில் எழுதினேன். மதியம் சத்துணவு வரிசையில் அதே பையன், வாய்க்காலில் அப்பாவோடு மீன் பிடித்ததை நண்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை. அன்று என் குறிப்பை அடித்தேன்.

தவறு சட்டகத்தில் இருந்தது. "இது என்ன, என்ன நிறம், பிடிக்குமா" என்பவை பொம்மைக்குப் பொருந்தும். தக்கையைப் பற்றிச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? அது என்ன செய்யும் என்பதுதானே செய்தி. ஆகவே சட்டகங்களைப் பேச்சு வழக்குக்கு மாற்றினேன்: "இது ___ கிட்டேந்து வந்துச்சு." "இத வச்சு ___." "இது ___னா, ___." கடைசியது கொஞ்சம் கடினம். அதனால் முதல் பாதியை நான் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருப்பேன். (ஆசிரியருக்கு இதுதான் மிகக் கடினம்.)

அடுத்த வாரம் அதே தக்கை. "தக்க முங்குனா..." என்று நிறுத்தினேன். மூன்று எண்ணுவதற்குள், "மீனு மாட்டிருக்கு" என்றான்.

இப்போது மதிப்பீட்டில் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். பெயரை மட்டும் சொன்னால் முதல் படி. சட்டகத்தைத் தன் சொல்லால் நிரப்பினால் இரண்டு. சட்டகம் தராமலே 'ஏன்னா', 'அப்பறம்', 'னா' போன்றவற்றால் இரண்டு செய்திகளை இணைத்தால் மூன்று. மெல்லிய குரலுக்குக் குறைப்பதில்லை. படி எண்ணோடு பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவைக்கிறேன். எண் மட்டும் இருந்தால் மாதக் கடைசியில் எனக்கே ஒன்றும் விளங்காது.

மனப்பாடமா என்று சந்தேகம் வந்தால், சட்டகத்தில் இல்லாத ஒரு கேள்வி போதும்: "இது தொலஞ்சு போனா?" ஒப்பித்த பிள்ளை "ரொம்பப் பிடிக்கும்" என்று பழைய வாக்கியத்துக்கே திரும்பும். அவருக்கு இரண்டாம் படிதான், அதுவும் அடுத்த முறை வேறு சட்டகத்தோடு. ஒரே சட்டகத்தை இருமுறை சொந்தச் சொல்லால் நிரப்பியவருக்கு அதை மூன்றாம் முறை தருவதில்லை.

தக்கைக்காரன் இன்னும் மூன்றாம் படியைத் தொடவில்லை. நேற்று தூண்டில் முள்ளைக் கொண்டுவந்திருந்தான். அதை மட்டும் வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன்.