புழுக்க இரவுக்கு எந்தப் பருத்தி?

மே மாதத்தில் சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் பல வரும். அதோடு கடல்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். காற்றே ஈரமாக இருந்தால் உடம்பில் ஊறும் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வையால் உடம்பு குளிராது. வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும். இப்படிப்பட்ட இரவில் உடுத்தும் துணி மின்விசிறிக் காற்றைத் தோல்வரை விட வேண்டும். உறிஞ்சிய வியர்வையைச் சீக்கிரம் விட்டுக் காயவும் வேண்டும். கடையில் விரல்களுக்குத் தெரியும் மென்மையை வைத்து இந்த இரண்டையும் கணிக்க முடியாது. நைட்டி, இரவுக் குர்தா, பைஜாமா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த மென்மையைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் நூறு சதவீதப் பருத்தி என்று வாங்கியதும் இரவில் புழுங்குகிறது.

மல்மல், பாப்ளின், பனியன் துணி மூன்றும் பருத்திதான். நூல் ஒன்றாக இருந்தாலும் அதைத் துணியாக்கும் விதம் வேறு. பருத்தி தண்ணீரை நன்றாக இழுக்கும்; ஆனால் இழுத்ததை எளிதில் விடாது. துணியில் நூல் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு கூடுதலாக வியர்வை தங்கும், காயவும் அவ்வளவு நேரமாகும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது துணியின் எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் வியாபாரத்தில் ஜிஎஸ்எம் என்கிறார்கள். இரவு உடைக்கு வரும் மல்மல் சுமார் 60 முதல் 80, பாப்ளின் 100 முதல் 130, பனியன் துணி 140 முதல் 180 ஜிஎஸ்எம் இருக்கும்.

மல்மல் மெல்லிய நூலைக் கொண்டு நெருக்கமில்லாமல் நெய்த துணி. பாவு ஒன்று, ஊடு ஒன்று என மாறிமாறிப் போகும் சாதா நெசவுதான். ஆனால் 80, 100 போன்ற உயர்ந்த நம்பர் நூலில் நெய்வதால் இழைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி இருக்கும். நூலின் நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசாகும். மல்மலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தச் சிறு சதுரங்கள் தெரியும். காற்று நுழைவது அவற்றின் வழியாகத்தான். விசிறிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு மல்மல் தரும் சுகத்தை மற்ற இரண்டும் தர முடியாது. வியர்வை பட்டால் உடனே நனையும். ஆனால் நனைவதற்கு அதில் நூலே கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரம் காய்ந்தும் விடும்.

அந்த இடைவெளிதான் மல்மலின் பலவீனமும். இழைகளைப் பிடித்து நிறுத்த நெருக்கம் இல்லாததால், இழுபடும் இடத்தில் அவை ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துவிடும். மல்மல் நைட்டி நடுவில் கிழிவது குறைவு. தையலோரத்தில் பிரிவதுதான் அதிகம். பெரும்பாலும் முதலில் போவது அக்குள். தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது முழு இழுப்பும் அங்கே விழுகிறது. வியர்வையும் அங்கேதான் அதிகம். இதை வாங்கும் முன்பே சோதிக்கலாம். துணியின் ஓர் இடத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆட்காட்டி விரல்களுக்கும் நடுவே பிடித்து, எதிரெதிராக மெதுவாக இழுத்துவிட வேண்டும். இழைகள் விலகி, விட்ட பிறகும் கோடுபோல இடைவெளி நின்றுவிட்டால் அந்தத் துணி தையலைத் தாங்காது. விலகிய இழை திரும்பி வந்து சேர்ந்தால் நம்பி வாங்கலாம்.

தைக்கக் கொடுப்பவர்கள் டெய்லரிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். மல்மலுக்கு 11-ஆம் நம்பர் ஊசி போதும்; தடித்த ஊசி இழையை அறுத்துத் துளை போடும். வழக்கமான ஓவர்லாக் மட்டும் போதாது. ஓரத்தை முதலில் வெளிப்பக்கமாக ஒரு தையல் போட்டு, விளிம்பை நறுக்கி, உள்ளே திருப்பி இரண்டாவது தையல் போட்டால் வெட்டிய விளிம்பு தையலுக்குள் மூடிக்கொள்ளும். நூல் பிரியாது, தோலையும் உரசாது. அக்குளில் வைர வடிவில் ஒரு சிறு துண்டு வைத்தால் கை தூக்கும்போது இழுப்பு பரவிப்போகும். பழைய குர்தாக்களில் அந்தத் துண்டு இருந்ததற்குக் காரணம் இதுதான். மார்புச் சுற்றளவைவிட ஆறேழு அங்குலமாவது கூடுதல் தாராளம் வேண்டும். ஒட்டித் தைத்த மல்மல் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. மல்மலில் உள்ளே தெரியும் என்பதால் சிலர் லைனிங் வைக்கச் சொல்கிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு அடுக்கு மல்மலின் எடை பாப்ளினின் எடைக்கு வந்துவிடும். காற்று வரும் வழியும் குறைந்துவிடும். அதைவிட அடர்ந்த நிறத்திலோ நெருக்கமான பிரிண்டிலோ வாங்கலாம்.

பாப்ளினும் சாதா நெசவுதான். ஆனால் பாவு இழைகள் ஊடு இழைகளைவிட மிக நெருக்கமாக இருக்கும். அதனால் துணியின் குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும். தொட்டால் வழவழப்பும் கொஞ்சம் விறைப்பும் தெரியும். உள்பாவாடைக்கும் சட்டைக்கும் பல காலமாக இதை எடுப்பது அதன் உழைப்புக்காகத்தான். மல்மலைப் போலக் காற்று இதனுள் நுழையாது. ஆனால் விறைப்பால் இதற்கு ஒரு வசதி உண்டு: பாப்ளின் உடம்போடு ஒட்டாமல் சற்றுத் தள்ளியே நிற்கும். தோளில் சுருக்கம் வைத்துக் கீழே அகலமாக விட்ட நைட்டியில் துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று ஏறி இறங்க இடம் கிடைக்கிறது. அதனால் நடக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் பாப்ளின் நன்றாகவே இருக்கும். படுத்த பிறகு அந்த வசதி பாதியாகிவிடும், முதுகுப் பக்கம் மெத்தையோடு அழுந்திவிடுவதால்.

மதுரை, திருச்சி, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடைக் காற்று கடற்கரையைவிட உலர்ந்திருக்கும். வியர்வை தானாகவே சீக்கிரம் காயும் அங்கே மல்மலுக்கும் பாப்ளினுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இரவு உடுத்தியதோடு காலையில் கோலம் போட்டு, பால் வாங்கி, சமையலும் முடித்துவிட்டுத்தான் மாற்றுவது என்றால் பாப்ளினே பொருத்தம்.

பனியன் துணி நெசவே அல்ல, பின்னல். திருப்பூர் ஆலைகளில் ஒற்றை நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னுகிறார்கள். வளையம் விரிந்து சுருங்குவதால் துணி உடம்போடு சேர்ந்து அசையும். தூக்கத்தில் அடிக்கடி புரள்கிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைப்போல உறுத்தாத துணி இல்லை. ஆனால் அந்த வளையங்களுக்குள் அசையாத காற்று தங்கும். அது உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். எடையும் கூடுதல். நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையில் இந்தக் குணங்கள் எல்லாம் நன்மையாகிவிடுகின்றன. விசிறி மட்டும் உள்ள கடலோர வீட்டில் நள்ளிரவுக்கு மேல் தொல்லையாகின்றன.

ஒரே அளவு நைட்டியை மூன்றிலும் தைத்துப் பார்த்தால் வேறுபாடு கணக்காகவே தெரியும். 54 அங்குல நீளமுள்ள தாராளமான நைட்டிக்கு வெட்டுக்கழிவு போக ஏறத்தாழ 3 சதுர மீட்டர் துணி பிடிக்கும். 70 ஜிஎஸ்எம் மல்மலில் அது 210 கிராம். 115 ஜிஎஸ்எம் பாப்ளினில் 345 கிராம். பனியன் துணி இழுத்துக்கொடுப்பதால் அகலம் குறைத்துத் தைக்கலாம், 2.2 சதுர மீட்டர் போதும் என்று வைத்தாலும் 160 ஜிஎஸ்எம்மில் 350 கிராம் வருகிறது. பாப்ளினின் எடையேதான், ஆனால் உடம்போடு ஒட்டிய நிலையில். துவைத்த நைட்டி கொடியில் காயும் நேரத்தைக் கவனித்தாலே, வியர்வையில் நனைந்தால் எது முதலில் காயும் என்பது தெரிந்துவிடும்.

கடையில் ஏமாறுவது பெரும்பாலும் கஞ்சியால். மட்டமான மல்மலிலும் பாப்ளினிலும் கஞ்சி ஏற்றி எடையும் மினுமினுப்பும் காட்டுவார்கள். துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிரும். தேய்த்த இடம் மெலிந்து தொங்கும். முதல் சலவைக்குப் பிறகு துணி முழுவதும் அப்படித்தான் இருக்கும். பிரிண்ட் போட்ட துணியாக இருந்தால் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சாயம் நூலுக்குள் இறங்கியிருந்தால் பின்புறமும் ஓரளவு நிறம் தெரியும், பூ இருக்கும் இடம் மற்ற இடம்போலவே மெத்தென்றிருக்கும். நிறத்தைப் பசையோடு மேலே பூசியிருந்தால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும், பூ மேல் விரலை ஓட்டினால் தடிப்பு தெரியும். அந்தத் தடிப்பு துணியின் துளைகளை அடைத்துவிடும். எவ்வளவு நல்ல பருத்தியானாலும் அந்த இடத்தில் புழுங்கும்.

கலப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கு இழை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பாவு, ஊடு இரண்டிலிருந்தும் இழை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலப்பு நூல் போட்ட துணிகளும் உண்டு.

உழைப்பில் மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு. மல்மல் தையலில் பிரியும். பாப்ளின் துணி கெட்டியாகவே இருக்கும்போது மடிப்புகளிலும் கழுத்துப் பட்டையிலும் நிறம் போகும். நாளாக ஆக விறைப்பு குறைந்து மென்மையாவதால் பழைய பாப்ளின் நைட்டிதான் பலருக்கும் பிடிக்கிறது. பனியன் துணியின் கழுத்து தொங்கும், உரசும் இடங்களில் சிறுசிறு உருண்டைகள் எழும்பும், சில சலவைகளுக்குப் பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்து நிற்கும். நூலின் முறுக்கு துணியில் சரியாக அடங்காததால் வரும் குறை அது. வாங்கும்போதே கீழ் விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, வளையங்களின் வரிசை நேராக இறங்குகிறதா சாய்ந்து போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கத்துக்கும் இடம் விட வேண்டும். 5 சதவீதம் சுருங்கினால் 54 அங்குல நைட்டி முதல் சலவையில் கிட்டத்தட்ட 3 அங்குலம் குறையும். தைக்கும் துணி என்றால் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்திய பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். துவைக்கும்போது மென்மைக்காகச் சேர்க்கும் திரவங்களை இந்த உடைகளுக்குத் தவிர்ப்பது நல்லது. அவை இழைமேல் படலமாகப் படிந்து, பருத்தி வியர்வையை உறிஞ்சுவதைத் தடுக்கும். பனியன் துணியை ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையே அதை நீட்டிவிடும். தட்டையாகப் பரப்பியோ, இடுப்புப் பக்கம் கொடியில் மடித்துப் போட்டோ உலர்த்தலாம்.

மல்மலைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. மெல்லிய, தளர்ந்த பருத்தி நெருப்பை மிக வேகமாகப் பற்றும். ஒட்டிய பனியன் துணியிலோ கெட்டி பாப்ளினிலோ தீ அவ்வளவு விரைவாகப் பரவாது. அகலக் கையுள்ள மல்மல் நைட்டியோடு காலையில் கேஸ் அடுப்பின் முன் நிற்கக் கூடாது. உடை மாற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.