வாசலில் நின்று சொல்ல இரண்டு நிமிடம்

கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சுற்றி வரும். பின்னால் பதாகை பிடித்த பிள்ளைகள், அவர்களை ஓரமாக நடக்கச் சொல்லிக்கொண்டே வரும் ஆசிரியைகள், வாசல் வாசலாக நீட்டப்படும் மஞ்சள் நிற நோட்டீஸ். அரசுப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பேரணி அது. முன்பெல்லாம் பள்ளி திறக்கும் நேரத்தில் நடந்த இந்த வேலை இப்போது முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 2025-ல் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கை தொடங்கியது.

இத்தனை உழைப்புக்கும் பலன் கிடைப்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அந்த ஆட்டோவிலும் வாசலிலும் என்ன பேசுகிறார்கள் என்பது. பல ஊர்களில் அரசுத் திட்டங்களின் பட்டியல் மேலிருந்து கீழே வாசிக்கப்படுகிறது. விலையில்லாப் பாடநூல், நான்கு செட் சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கும் தாயின் மனதில் ஓடுவது வேறு. ‘காலையில் ஏழரைக்கு நான் வேலைக்குக் கிளம்பணும், பிள்ளையை யார் பார்ப்பாங்க?’

முதலில் ஆட்டோ. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று மீட்டர் நகரும். வாசலில் நிற்பவருக்கு, வண்டி இந்தப் பக்கம் நாற்பது மீட்டரில் வருவது முதல் அந்தப் பக்கம் நாற்பது மீட்டர் போவது வரை பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தமே அரை நிமிடம்தான். நிதானமாகப் பேசினால் அதில் நாற்பது சொற்களுக்கு மேல் அடங்காது. பட்டியல் வாசித்தால் ஒரு வீட்டுக்குச் சீருடை மட்டும் கேட்கும், அடுத்த வீட்டுக்குக் காலணி மட்டும் கேட்கும். ஆகவே முழுச் செய்தியும் அரை நிமிடத்தில் முடிந்து மறுபடி தொடங்க வேண்டும். இப்படி:

“மேலத்தெரு பெற்றோர்களே, நம்ம ஊர் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்கை நடக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளியை வந்து பாருங்கள்.”

இவ்வளவு போதும். ஆட்டோவின் வேலை ஊரைப் பள்ளிக்கு அழைப்பது. பிள்ளையைச் சேர்க்கலாம் என்ற முடிவு அங்கே பிறப்பதில்லை, வாசல் பேச்சில்தான் பிறக்கிறது.

வாசலுக்குப் போகும் நேரமும் பேச்சின் ஒரு பகுதியே. நூறு நாள் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் ஊரில் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் பாட்டிதான் இருப்பார். மாலை ஆறரைக்கு மேல் போனால் அம்மா, அப்பா இருவரையும் பார்க்கலாம். கையில் நோட்டீஸ் மட்டும் போதாது. குடியிருப்புக் கணக்கெடுப்பில் எழுதிய பெயர்களும், அங்கன்வாடியில் ஐந்து வயது நிறையப் போகும் குழந்தைகளின் பெயர்களும் இருக்க வேண்டும். “உங்க வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா?” என்று தொடங்குவதைவிட, “பாப்பாவுக்கு இந்த ஜூனோட அஞ்சு முடியுதாமே அக்கா” என்று தொடங்கினால் கதவு முழுசாகத் திறக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தந்தை கட்டட வேலை, தாய் பனியன் கம்பெனியில் கைமடி. மகள் தனியார் நர்சரிப் பள்ளியில் யுகேஜி முடிக்கிறாள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை வாசலில் நிற்கிறார். அவர் முதலில் சொல்ல வேண்டியது அன்றாட நேரம்.

“காலையில நீங்க கம்பெனி வண்டி ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளைக்குச் சமைக்கணும்னு இல்லக்கா. பள்ளிக்கூடத்துலயே டிபன். பொங்கல், கிச்சடி, உப்புமான்னு கிழமைக்கு ஒண்ணா இருக்கும். சாம்பார்ல காய் போட்டிருக்கும். மத்தியானம் சத்துணவு, முட்டையோட. நாலு மணி சுமாருக்கு விட்ருவோம்.”

இந்த நான்கைந்து வாக்கியங்களுக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. மதிய உணவு காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். காலை உணவு 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இந்த வரலாற்றை வாசலில் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிழமை என்ன டிபன் என்பதைச் சொன்னாலே தாய் மனதுக்குள் தன் காலை வேளையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார். நேரத்தை மட்டும் அந்தப் பள்ளியின் உண்மையான நேரமாகவே சொல்ல வேண்டும். டிபன் எட்டேகாலுக்கா எட்டரைக்கா, வாயிற்கதவை யார் எத்தனை மணிக்குத் திறப்பார் என்பதை முன்கூட்டியே காலை உணவு சமைப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எட்டு மணி என்று சொல்லிவிட்டு எட்டரை வரை பூட்டிய கதவின் முன் ஒரு குழந்தை நின்றால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வராது.

அடுத்தது பணம். “ஃபீஸ் இல்ல” என்று ஒரே சொல்லில் முடித்தால் பெற்றோர் அதை மலிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவரையே கணக்குப் போட வைப்பதுதான் சரி. அந்தத் தாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பள்ளிக் கட்டணம் 22,000 ரூபாய். வேன் மாதம் 900, பத்து மாதத்துக்கு 9,000. புத்தகம், நோட்டு 4,000. சீருடை, ஷூ 3,000. கூட்டினால் 38,000. மாதத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல். எல்கேஜி, யுகேஜி இரண்டு வருடத்தில் 76,000 ரூபாய் போயிருக்கிறது.

“அவ்வளவு கட்டிட்டு இப்ப எப்படி டீச்சர் நிப்பாட்டுறது?”

இந்தக் கேள்விதான் முழுப் பேச்சிலும் கடினமான இடம். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகள் ஐந்து வயதில்தான் தொடங்குகின்றன. அந்த இரண்டு வருட இடைவெளியில்தான் குடும்பம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. 2019 ஜனவரியில் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அந்த வகுப்புகள் இல்லாத ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையின் வீட்டில் மட்டும் பேசிவிட்டு வருவது பாதி வேலை. மூன்று வயதுக் குழந்தையின் வீட்டிலும் நின்று, அங்கன்வாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும்.

கேள்விக்குப் பதில்? கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாமல் கட்டப்போகும் பணத்தைப் பற்றிப் பேசுவதுதான். “கட்டினது கட்டினதுதான்க்கா. அஞ்சாவது வரைக்கும் இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. இதே ஃபீஸ்னாலும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். பிள்ளை பேர்ல போட்டு வைங்க.” தனியார் பள்ளியை ஒரு சொல்லாலும் குறை சொல்லக் கூடாது. அந்தத் தாய் தேர்ந்தெடுத்த பள்ளி அது. அதைத் திட்டுவது அவரையே திட்டுவதாகிவிடும்.

கட்டணமில்லை என்றால் உண்மையிலேயே ஒரு பைசாவும் இருக்கக் கூடாது. சேர்க்கையன்று “நோட்டு வாங்க ஐம்பது ரூபாய்” என்று யாராவது கேட்டுவிட்டால், பெற்றோர் நினைவில் நிற்பது அந்த ஐம்பது மட்டும்தான்.

தனியார் பள்ளிகளின் சேர்க்கைப் பேச்சைக் கேட்கும் பெற்றோருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒரு குழு பள்ளிவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது, அந்த ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். “குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, அதற்கு வெளியே எதற்கெல்லாம் கேட்பீர்கள்?” என்று கேட்டால் நேர்மையான பள்ளி எண்ணைச் சொல்லும், ரசீதும் தரும். நன்கொடை கேட்பதையும், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. “பாப்பாவுக்குச் சின்ன இண்டர்வியூ” என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது தடை செய்யப்பட்டதுதான்.

வசதிகளைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது என்று நோட்டீஸில் போடுவதற்கு முன் அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளையின் தாய் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அவர் கையால் திருகிப் பார்ப்பார். சனிக்கிழமை அழைப்புக்கு முன் வெள்ளிக்கிழமை அந்தத் தாழ்ப்பாளைச் சரிசெய்வது நூறு நோட்டீஸ் அச்சடிப்பதைவிடப் பயன் தரும்.

“ரெண்டு டீச்சர்தானே இருக்கீங்க? அஞ்சு வகுப்புக்கு எப்படிப் பாடம் எடுப்பீங்க?” என்பது அடுத்துத் தவறாமல் வரும். இதற்கு மழுப்பக் கூடாது. சட்டத்தின் கணக்கே அதுதான்: தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். “உண்மைதான்க்கா, ரெண்டு பேர்தான்” என்று ஒப்புக்கொண்டு, பிறகு எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு பார்த்து மட்டும் உட்கார வைப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்தும் குழுவாக்கி, பாட்டும் அட்டையும் கொண்டு சொல்லித் தருகிறார்கள். கேட்பவருக்கு இது முழுசாகப் புரியாது. புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை வரும்போது, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கதைப் புத்தகம் வாசிக்கச் சொல்லலாம். எந்தப் பக்கம் என்பதை வந்திருக்கும் தாயே பிரித்துக் கொடுக்கட்டும். மனப்பாடம் இல்லை என்று அவரே தெரிந்துகொள்வார்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் சிலர் வாசலில் சொல்கிறார்கள். அது அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாலே போதும் என்ற தொனி வந்தால், விவரம் தெரிந்த ஓர் அப்பா அங்கேயே திருத்துவார். மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

கிளம்பும் முன் சொல்ல வேண்டியது சான்றிதழ் பற்றி. பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றோ கையில் இல்லை என்பதற்காகவே பல குடும்பங்கள் ஜூன் முழுதும் தள்ளிப்போடுகின்றன. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, மாற்றுச் சான்று வரத் தாமதமானாலும் காக்க வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. “பேப்பர் பின்னாடி வரட்டும், பிள்ளை முதல்ல வரட்டும்” என்று சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் தீரும்.

அந்தத் தாயின் கடைசிக் கேள்வி மிச்சமிருக்கிறது. “நாலு மணிக்கு விட்டுட்டா, நான் வர ஏழரை ஆகுமே டீச்சர்?” நர்சரிப் பள்ளி வேன் பிள்ளையை டியூஷன் வாசலில் இறக்கிவிடும். அந்த வேன் இங்கே இல்லை. தலைமையாசிரியை அதற்கு எதையும் ஜோடிக்கவில்லை. “அதுக்கு எங்ககிட்ட வழி இல்லக்கா. உங்க தெருவுல இன்னும் மூணு பிள்ளைங்க இங்கதான் வர்றாங்க, சேர்ந்து நடந்து வந்துடுவாங்க. யாராவது பாட்டி வீட்டுல இருப்பாங்களா?” என்கிறார். தாய் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். ஆசிரியை நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே ‘சனி – பாட்டியுடன் வருவார்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடக்கிறார்.