தெற்கு மாட வீதியில் ஒரு பெட்டித் தக்காளி

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியின் நடைபாதையில் காய்கறி விற்கும் அந்த அம்மா கடையை விரித்ததும் முதலில் கை வைப்பது தக்காளிப் பெட்டியில்தான். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் சாக்கிலேயே கிடக்கும். சாக்கைத் தரையில் விரித்து, பெட்டியைக் கவிழ்க்காமல், ஒவ்வொரு பழமாகக் கையால் எடுத்து மூன்று இடங்களில் வைப்பார். லேசாகப் பச்சை ஓடிய செங்காய் ஒரு பக்கம், நன்றாகச் சிவந்து கெட்டியாக இருப்பது நடுவில், தொட்டால் அமுங்குவதும் தோல் வெடித்ததும் முழங்காலுக்குப் பக்கத்தில். பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடப்பதை ஒரு பையில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவார். இத்தனையையும் பேசிக்கொண்டே செய்கிறார். கண் பழத்தில் இருப்பதில்லை, விரல்தான் பார்க்கிறது.

அன்றைய லாபமும் நஷ்டமும் அந்த மூன்று குவியலில்தான் தீர்மானமாகின்றன. காய்கறி வாங்குகிற நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. கோயம்பேட்டில் கிலோ 25 ரூபாய்க்குப் போன தக்காளி இங்கே 40 ரூபாயா என்று கேட்கிறோம். நடுவில் இருக்கும் 15 ரூபாயும் அவர் முந்தானை முடிச்சுக்குள் போகிறது என்று நினைக்கிறோம்.

விலை தினம் மாறும், ஆனால் கணக்குப் போடும் விதம் மாறாது. ஓர் உதாரணத்துக்கு அந்த விலையையே வைத்துப் பார்ப்போம். 14 கிலோ பிடிக்கும் பெட்டி மொத்த விலையில் 350 ரூபாய். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றிய கூலி, நாலைந்து பேர் சேர்ந்து பிடித்த லோடு ஆட்டோவில் அவருடைய பங்கு எல்லாம் சேர்த்து இந்தப் பெட்டியின் தலையில் 40 ரூபாய் விழுகிறது. ஆக முதல் 390 ரூபாய். நசுங்கியதில் ஒரு கிலோ போய்விடுகிறது. நல்ல பழம் 7 கிலோ, கிலோ 40 ரூபாய் என்று விற்றால் 280. செங்காய் 3 கிலோ மறுநாளைக்கு. அதற்குள் புதுச் சரக்கு வந்துவிடும் என்பதால் 35 ரூபாய்க்குத்தான் போகும், 105 ரூபாய். அமுங்கல் பழம் 3 கிலோவை அரைக் கிலோ அளவுக்குக் கூறு கட்டி, கூறு பத்து ரூபாய் என்று சாயங்காலம் தள்ளினால் 60. மொத்த வரவு 445 ரூபாய். கிலோவுக்கு 15 ரூபாய் என்று நாம் போட்ட கணக்கில் 210 ரூபாய் வந்திருக்க வேண்டும். உண்மையில் நின்றது 55 ரூபாய்.

இது மழை இல்லாத நாளின் கணக்கு. வயலில் மழை பெய்தால் பழம் நீர் கோத்துத் தோல் வெடிக்கும். பெட்டியின் மேல் வரிசை அழகாக இருக்கும், கீழே கை விட்டால்தான் ஈரம் தட்டும். அப்படி ஒரு பெட்டி வந்து மாட்டிக்கொண்டால் நசுங்கல் 2 கிலோ, அமுங்கல் 6 கிலோ. மிச்சமுள்ள 6 கிலோவையும் 35 ரூபாய்க்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள். வரவு 330 ரூபாய். கையிலிருந்து 60 ரூபாய் போயிற்று. அதனால்தான் மண்டியில் பெட்டி எடுக்கும்போது மேல் வரிசையைப் பார்க்காமல் பக்கவாட்டு ஓட்டைகளில் மூக்கை வைத்துப் பார்க்கிறார். புளிப்பு வாடை வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நகர்ந்துவிடுவார்.

கோயம்பேடு 1996-இல் வந்தது. அதற்கு முன்னால் சென்னைக்கு மொத்தச் சந்தை ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடிதான். இப்போது லாரிகள் இரவில் வந்து இறங்குகின்றன, வியாபாரம் விடிவதற்கு வெகு முன்பே சூடு பிடித்துவிடுகிறது. நடைபாதையில் விற்பவர்கள் மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருந்தாக வேண்டும். நேரம் கழித்துப் போனால் விலை இறங்கியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது இருப்பது மற்றவர்கள் பொறுக்கிவிட்டுப் போன சரக்கு. மலிவாக வாங்கி அழுகலில் விடுவதா, கூடக் கொடுத்து நல்லதாக எடுப்பதா என்று இருட்டில், தூக்கக் கலக்கத்தில், தினமும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வாங்கிய சரக்கை ராத்திரி வரை காப்பாற்றுவது அடுத்த வேலை. குளிர்பெட்டி கிடையாது. இருப்பது ஒரு குடம் தண்ணீர், சில ஈரச் சாக்குகள், ஒரு தார்ப்பாய், நிழல். செங்காயைச் சிவந்த பழத்தோடு சேர்த்து வைக்காததற்குக் காரணம் கேட்டால், "சேத்து வெச்சா ராவோட ராவா அதுவும் பழுத்துடும்" என்கிறார். பழுத்த தக்காளி எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அது பக்கத்தில் உள்ள காயையும் பழுக்க வைக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான். பீன்ஸின் மேல் ஈரச் சாக்குப் போடுவார், வெண்டைக்காயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டார். பட்டால் வழவழத்துக் கறுத்துவிடும். உருளைக்கிழங்கை வெயில் படாமல் கோணிக்கடியில் வைத்து, விற்க வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வைப்பார். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை பிடித்துக் கசக்கும், அது உடம்புக்கும் ஆகாது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஈரத்துணிக்குள். புதினாவுக்கு மட்டும் தண்ணீரைக் கையில் நனைத்து உதறுவதோடு சரி, நனைத்து மூடினால் மதியத்துக்குள் நடுவில் அழுகிவிடும்.

வெண்டைக்காய் விஷயத்தில் நாம் அவருக்குச் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. முற்றலா பிஞ்சா என்று பார்க்க நுனியை ஒடிக்கிறோம். ஒடிந்ததை எடுத்துக்கொண்டு போனால் பரவாயில்லை. ஒடித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறவர்கள் அதிகம். ஒடித்த நுனி ஒரு மணி நேரத்தில் காய்ந்து கறுக்கும், அடுத்து வருபவர் அதை ஒதுக்குவார். மாலையில் கூடையின் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த மொட்டை வெண்டைக்காய்தான். "மேல தடவிப் பாருங்க மாமி, சொணை மெத்துனு இருந்தா பிஞ்சு, ஒடிக்க வேணாம்" என்று தன்மையாகச் சொல்வார். கேட்டுக்கொள்பவர்களுக்கு அவரே பொறுக்கிப் போடுவார், அதில் ஒரு முற்றல் இருக்காது.

காலையில் தராசு, மாலையில் கூறு என்பது இந்தத் தெருவின் ஒழுங்கு. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை அரசு முத்திரை வேண்டும், அதை அவர் தவறாமல் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் இருட்டிய பிறகு தராசை அதிகம் தொடுவதில்லை. மிச்சக் கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், நாலு தக்காளி என்று கூறு போட்டுவிடுவார். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் குனிந்து பார்த்து, ஒரு கூறைக் காட்டி, அப்படியே பையில் வாரிக்கொண்டு போகிறார்கள். எடை போட்டுக் கிலோ கணக்கில் வாங்கக் கையில் பணம் இல்லாதவருக்கும் ஒரு குழம்புக்குக் காய் கிடைத்துவிடுகிறது. விற்பவருக்கு நாளை குப்பைக்குப் போக இருந்தது காசாகிறது. அவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பெரிய கடைகளில் எங்குமே இல்லை.

கொசுறையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கறிவேப்பிலைக் கட்டும் கொத்தமல்லிக் கட்டும் அவர் காசு கொடுத்து வாங்கியவை. வாடிக்கைக்காரர் கேட்காமலே பையில் நாலு காம்பு விழும். புதிதாக வந்து, ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கிவிட்டுக் கொத்தமல்லி கேட்பவருக்கும் இல்லை என்று சொல்வதில்லை, காம்புதான் சின்னதாக இருக்கும்.

மூன்று மணிக்குச் சரக்கு எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். நேற்றைய விற்பனை சரியில்லையென்றால் தண்டல்காரரிடம் போக வேண்டியிருக்கிறது. சென்னையில் வழக்கமான ஏற்பாடு, 10,000 ரூபாய் கடன் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மேலே பார்த்த தக்காளிப் பெட்டி தந்த 55 ரூபாயை இந்தத் தினசரி 100 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏன் பத்துப் பன்னிரண்டு வகைக் காய் விரித்து உட்கார வேண்டியிருக்கிறது என்பது புரியும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்க வேண்டும். நடைபாதை வியாபாரிகளுக்காக 2020-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாக 10,000 ரூபாயை வங்கியே கொடுத்தது. முழுத் தொகையும் கைக்கு வந்தது, வட்டியிலும் ஒரு பகுதியை அரசு ஏற்றது. கட்டிய இரும்புக் கதவுக்குப் பதில் சாக்கை விரித்து வியாபாரம் செய்பவரை ஒரு வங்கி கடன்காரராக மதித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னொரு பாதுகாப்பு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை இருக்கிற வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. எந்தெந்த இடத்தில் கடை போடலாம் என்று பேசும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். அதில் ஒரு சின்னப் பிரிவைத் தக்காளி அறிந்த யாரோதான் எழுதியிருக்க வேண்டும்: பறிமுதல் செய்த சரக்கு அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்துத் தந்தால் அது திரும்பத் தந்ததாகாது என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது.

தெற்கு மாட வீதியில் விற்பவருக்குப் பஞ்சாங்கமும் ஒரு தொழில் கருவி. அறுபத்துமூவர் விழாவையொட்டித் தேர் ஓடும் நாளில் கடையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் மொச்சையும் பறங்கியும் எடுக்க வேண்டும். அமாவாசையிலும் மாளய பட்சத்திலும் இந்தப் பக்கத்து வீடுகளில் கோஸும் கேரட்டும் போகாது. வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேப்பங்கிழங்கு என்று நாட்டுக்காய்தான் கேட்பார்கள். அதை மறந்து இரண்டு மூட்டை கோஸ் இறக்கினால் அந்த வாரமே போச்சு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கைக்கார மாமி பையை மூடிவிட்டு நகரப் போனார். அந்த அம்மா கூப்பிட்டு நிறுத்தினார்.

"மாமி, நாளைக்கு அமாவாசை. வாழைக்கா ரெண்டு தார் சொல்லி வெச்சிருக்கேன். ஏழு மணிக்குள்ள வந்துடுங்க, அதுக்கு மேல இருக்காது."

"எனக்கு நாலு காய் எடுத்து வெச்சுடேன்."

"வெக்கிறேன். ஆனா எட்டு மணி வரைக்கும்தான்."