துபாயில் வீடு, ரூபாயில் வருமானம்: தவணை ஒவ்வொன்றும் ஏன் கூடுகிறது?

இடுக்கி மாவட்டத்தின் குமுளி, வண்டன்மேடு பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலும் வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. அவர்கள் வழியாகவும் இந்திய நகரங்களில் நடைபெறும் விற்பனைக் கண்காட்சிகள் வழியாகவும் துபாயில் கட்டப்பட்டு வரும் அடுக்குமாடி வீடுகள் இங்குள்ளோரின் கவனத்துக்கு வருகின்றன. இருபது சதவீதம் முன்பணம், மீதி தவணையில் என்ற அறிவிப்பு எளிதாகத் தோன்றும். ஆனால் வாங்குபவரின் வருமானம் ரூபாயில் இருக்க, தவணை திர்ஹாமில் இருந்தால் கணக்கு வேறாகிவிடுகிறது.

அமீரகத்தின் திர்ஹாம் 1997-ஆம் ஆண்டு முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற நிலையான மதிப்பில் கட்டப்பட்டுள்ளது. எனவே திர்ஹாமில் தவணை செலுத்துவது நடைமுறையில் டாலரில் தவணை செலுத்துவதுதான். ஒப்பந்தத்தில் விலை மாறாது என எழுதியிருப்பது திர்ஹாம் கணக்கில் மட்டுமே உண்மை. டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம், இங்கிருந்து பணம் அனுப்புபவருக்கு வீட்டின் விலை கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்துள்ள ஒரு குடும்பம் 10 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீட்டை 2023-ஆம் ஆண்டு இறுதியில் பதிவு செய்ததாகக் கொள்வோம். முன்பணம் 20 சதவீதம், ஓராண்டு கழித்து 40 சதவீதம், சாவி பெறும்போது 40 சதவீதம் என்பது திட்டம்.

2023 இறுதியில் டாலர் மதிப்பு சுமார் 83 ரூபாய். அதாவது ஒரு திர்ஹாம் ஏறத்தாழ 22 ரூபாய் 60 காசு. அந்த நாளில் வீட்டின் முழு விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய். முன்பணமான 2 லட்சம் திர்ஹாமுக்கு 45 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் செலவானது. 2024 இறுதியில் டாலர் 85 ரூபாய் 60 காசைத் தொட, திர்ஹாம் 23 ரூபாய் 30 காசானது. இரண்டாவது தவணையான 4 லட்சம் திர்ஹாமுக்கு 93 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் டாலர் முதன்முறையாக 90 ரூபாயைக் கடந்தது. அந்த மதிப்பில் திர்ஹாம் 24 ரூபாய் 50 காசு. கடைசித் தவணை 98 லட்சம் ரூபாய்.

மொத்தச் செலவு 2 கோடியே 36 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். வீட்டின் விலை ஒரு திர்ஹாம்கூட உயராத நிலையில், குடும்பம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்தியுள்ளது. வங்கி விற்கும் டாலரின் விலை சந்தை விலையைவிடச் சற்று அதிகமாக இருக்கும் என்பதால் உண்மையான தொகை இதைவிடவும் கூடும். துபாய் நிலத் துறைக்குச் செலுத்தும் 4 சதவீதப் பதிவுக் கட்டணம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பெரிய தவணையைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும் திட்டங்கள் சுமை குறைவானவையாகத் தோன்றுகின்றன. ஆனால் ரூபாய் சரிவதற்கு அதிகக் காலம் கிடைப்பதும் அந்தக் கடைசித் தவணைக்குத்தான்.

விளைபொருள் விலையும் சேர்ந்தால்

மாதச் சம்பளம் பெறுபவருக்கு நாணய மதிப்பு ஒன்றே கவலை. ஏலக்காய் விவசாயிக்கு இரண்டு கவலைகள். போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் நடைபெறும் மின்னணு ஏலங்களில் கிடைக்கும் விலைதான் அவருடைய வருமானம். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோனது. மூன்றாண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

மேற்கண்ட கடைசித் தவணையான 98 லட்சம் ரூபாயைத் திரட்ட, கிலோ 2,400 ரூபாய் விற்றால் நான்கு டன்னுக்குச் சற்று அதிகமான ஏலக்காய் போதும். விலை 1,000 ரூபாயாக இருந்தால் ஏறத்தாழ பத்து டன் தேவை. இதுவும் கூலி, உரம், மருந்துச் செலவுகளைக் கழிப்பதற்கு முன்பான கணக்கு. விலை உச்சத்தில் இருந்த ஆண்டின் வருமானத்தை நம்பி மூன்றாண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுவதில் உள்ள ஆபத்து இதுவே.

வங்கியில் நடப்பது என்ன?

இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் தலா இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-ஆம் ஆண்டு 25,000 டாலர் உச்சவரம்புடன் தொடங்கிய திட்டம் இது. வங்கியில் ஏ2 படிவத்தை நிரப்பி, வெளிநாட்டு அசையாச் சொத்துக்கான S0005 என்ற நோக்கக் குறியீட்டைக் குறிப்பிட்டுப் பணம் அனுப்ப வேண்டும்.

இரண்டரை லட்சம் டாலர் என்பது சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் திர்ஹாம். மேற்கண்ட வீட்டுக்கு இது போதும். ஆனால் 25 லட்சம் திர்ஹாம் வீட்டின் 40 சதவீதக் கடைசித் தவணை 10 லட்சம் திர்ஹாம் என்பதால், ஒருவருடைய ஓராண்டு வரம்புக்குள் அது அடங்காது. கணவன், மனைவி இருவரின் வரம்பையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றாலும், இருவரும் அந்தச் சொத்தின் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் மற்றவர் கணக்கிலிருந்து அனுப்ப முயல்வோர் வங்கியில் தடைபடுவது இந்த இடத்தில்தான்.

இத்திட்டத்தின் கீழ் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்காக இந்திய வங்கிகள் கடன் வழங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே தவணை நாளில் கையில் பணம் இல்லையென்றால், உள்ளூரில் வாங்கும் வீட்டுக்குப் போல இங்கு வங்கிக் கடனை நாட முடியாது.

முன்கூட்டியே பிடிக்கப்படும் வரி

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்து வாங்க அனுப்பினால், கூடுதல் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாக வசூலிக்கிறது. 98 லட்சம் ரூபாய் தவணைக்கு இது 17 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதாவது தவணை நாளில் கையில் இருக்க வேண்டியது 1 கோடியே 15 லட்சத்துக்கும் அதிகம்.

இது செலவு அல்ல; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பப் பெறலாம். இங்கும் விவசாயியின் நிலை வேறு. வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால், கழித்துக்கொள்ள அவருக்கு வேறு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. முழுத் தொகையையும் திரும்பப் பெறும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. அந்த மாதங்களில் அடுத்த தவணை வந்துவிட்டால் நெருக்கடி இரட்டிப்பாகும்.

விதியே மாறிய ஆண்டு

நாணய மதிப்பு சரியும் நேரத்தில் விதிகளும் இறுகக்கூடும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டு சான்று. அந்த ஆண்டு மே மாதத்தில் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி ஆண்டு வரம்பை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்ததுடன், இத்திட்டத்தின் கீழ் வெளிநாட்டில் சொத்து வாங்குவதையும் தடை செய்தது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுத் தவணை செலுத்தி வந்தவர்களுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. 2014-இல் தடை நீங்கியது. 2015-இல் வரம்பு இன்றைய இரண்டரை லட்சம் டாலரானது.

தவணை தவறினால்

துபாய் சட்டப்படி, தவணை தவறியவருக்கு நிலத் துறை வழியாக 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. அதன் பிறகும் செலுத்தாவிட்டால் கட்டுமான நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கட்டடம் 60 சதவீதத்துக்கும் குறைவாக முடிந்திருந்தால் வீட்டு விலையில் 25 சதவீதம் வரையும், அதற்கு மேல் முடிந்திருந்தால் 40 சதவீதம் வரையும் நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். இது செலுத்திய தொகையின் சதவீதம் அல்ல, வீட்டு விலையின் சதவீதம் என்பது கவனிக்கத்தக்கது. நமது எடுத்துக்காட்டில் 60 சதவீதம் செலுத்திய குடும்பம் கடைசித் தவணையில் தவறினால், செலுத்திய 6 லட்சம் திர்ஹாமில் 4 லட்சம் வரை இழக்க நேரிடும்.

சுமையைக் குறைக்கும் வழிகள்

அமீரகத்தில் வேலை பார்க்கும் உறவினருடன் கூட்டாக வாங்குவதற்கு 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் இடமளிக்கின்றன. அவர் தமது திர்ஹாம் சம்பளத்திலிருந்து செலுத்தும் பங்குக்கு நாணய ஆபத்து இல்லை. பின்தவணைகளைக் குறைத்து முன்தவணைகளைக் கூட்டும் திட்டத்தைத் தேர்வதும் ஒரு வழி. ஆனால் அது கட்டடம் முடிவதற்கு முன்பே அதிகப் பணத்தை ஒப்படைப்பதாகும் என்பதால், ஒவ்வொரு தொகையும் அந்தக் கட்டுமானத் திட்டத்துக்கென அரசு அங்கீகரித்த தனிக் காப்புக் கணக்குக்கே செல்கிறதா எனச் சரிபார்க்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு முதல் துபாயில் இக்கணக்கு கட்டாயம்.

டாலரை முன்கூட்டியே வாங்கி வெளிநாட்டுக் கணக்கில் வைத்திருக்கலாமே எனச் சிலர் எண்ணலாம். அனுப்பிய பணம் 180 நாட்களுக்குள் முதலீடு செய்யப்படாவிட்டால் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட வேண்டும் என்பதால், ஓரிரு தவணைக்கு மேல் இது உதவாது.

ரூபாய் சரிவு வாங்குபவருக்கு நட்டம் மட்டுமே அல்ல என்பதும் உண்மை. வீட்டின் வாடகையும் விற்பனை விலையும் திர்ஹாமில் இருப்பதால், அவை ரூபாய் மதிப்பில் உயரும். ஆனால் அந்த வரவு சாவி கைக்கு வந்த பிறகே தொடங்கும். அதுவரை ஒவ்வொரு தவணையையும் ரூபாயில்தான் திரட்ட வேண்டும். எனவே கையெழுத்திடும் முன், கடைசித் தவணையை அன்றைய மதிப்பில் அல்லாமல், திர்ஹாம் 10 சதவீதம் உயர்ந்தால் என்னவாகும், அதே ஆண்டில் விளைச்சல் விலை பாதியானால் என்னவாகும் என்று ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. நமது எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு இரண்டே ஆண்டுகளில் திர்ஹாம் உயர்ந்தது 8 சதவீதத்துக்கும் அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.